எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் கோட்டை

கேள்வி: குடியாத்தத்தில் மரச்செக்கு கடலை எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் விற்கிறேன். வெள்ளை சார்ட் முன் எடுத்த படத்தை வெட்டி, வேலூர் கோட்டை அகழிப் படத்தின் மேல் வைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. Opacity குறைத்தால் லேபிளும் மங்குகிறது. என்ன செய்வது?

கண்ணாடியை வெட்டி எடுக்கவே முடியாது, ஏனென்றால் உங்கள் பாட்டிலுக்குள் தெரிவது பாதிக்கு மேல் அந்த சார்ட்தான். கண்ணாடி செய்வது இரண்டு வேலை: பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கிறது, முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் தனித்தனியாகப் படம் பிடிக்க வேண்டும்.

போனை ஸ்டாண்டில் நிறுத்தி, எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, பாட்டிலை அசைக்காமல் வெள்ளை சார்ட்டோடு ஒரு படம், கறுப்பு சார்ட்டோடு ஒரு படம் எடுங்கள். பூட்டாவிட்டால் கறுப்பைப் பார்த்ததும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளை சார்ட் ஃபிரேமை நிரப்பும் அளவே இருக்கட்டும். ரொம்பப் பெரிதானால் பாட்டில் ஓரத்தின் கறுப்புக் கோடு வெளுத்து, உருவமே கரைந்துவிடும். டியூப்லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். அகழிக் கரையில் நிற்கும் பாட்டிலில் டியூப்லைட் நீளமாக மின்னினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம் லேயர்கள். கீழே கோட்டை. அதன் மேல் வெள்ளைப் படம், Multiply-யில். கறுப்புப் படம் அதற்கும் மேலே, Screen-இல். இரண்டையும் பாட்டில் அளவுக்கு மாஸ்க் செய்யுங்கள். Levels-இல் வெள்ளைப் படத்தின் சார்ட் முழு வெள்ளையாகவும், கறுப்புப் படத்தின் சார்ட் முழுக் கறுப்பாகவும் ஆக வேண்டும். இல்லாவிட்டால் கோட்டை பாட்டிலுக்குள் அழுக்காகவோ புகைமூட்டமாகவோ தெரியும். லேபிளையும் மூடியையும் மட்டும் வெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே Normal-இல் வையுங்கள்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனாலும் ஏதோ இடிக்கும். எண்ணெய் நிரம்பிய உருளை பாட்டில் ஒரு லென்ஸ். தூரத்தில் இருப்பதை அது இடவலமாகத் திருப்பிக் காட்டும், தலைகீழாக்காது. கோட்டைச் சுவர் உங்கள் படத்தில் இடப்பக்கம் என்றால், எண்ணெய்க்குள் வலப்பக்கம் தெரிய வேண்டும். அதனால் பின்னணியின் நகல் ஒன்றை Flip Horizontal செய்து, அகலத்தைக் குறுக்கி, லேசாக மங்கலாக்கி, எண்ணெய் உள்ள பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, Multiply லேயருக்குக் கீழே வையுங்கள். கழுத்தில் எண்ணெய் இல்லாத இடத்தில் திருப்ப வேண்டாம். வெறும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஓரங்களைத் தவிர நேராகத்தான் தெரியும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் அதே பாட்டிலைக் கடை வாசலில் பிடித்து, எதிர்ச் சாரியைப் பாருங்கள். ஆனால் பாட்டிலை ஒட்டியே இருக்கும் பொருள் திரும்பாது. பக்கத்தில் கொஞ்சம் கடலை குவித்து வைத்தால், அதன் ஒரு பகுதி எண்ணெய்க்குப் பின்னால் வரும். அதை அகலமாக்கினால் போதும், திருப்பாதீர்கள்.