பூட்டுச் சின்னத்தை நம்பி ஷூ வாங்கலாமா?

*“பிராண்டட் ஷூ ஒரு தளத்தில் 80 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது. முகவரியில் பிராண்டின் பெயர் இருக்கிறது, பூட்டுச் சின்னமும் இருக்கிறது. வாங்கலாமா?”*

வாங்காதீர்கள். பூட்டுச் சின்னம், நீங்கள் தட்டுவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சான்றிதழ் சில நிமிடங்களில் இலவசமாகவே கிடைக்கும், திருடனும் வாங்குவான்.

முகவரியில் தளத்தின் பெயரை வலமிருந்து படியுங்கள். `brand.com.mega-sale.example/shoes` என்று இருந்தால், `https://` போக, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் `mega-sale.example` தான் கடையின் உண்மையான பெயர். முன்னால் ஒட்டியிருக்கும் `brand.com` வெறும் அலங்காரம்.

அடுத்து, `lookup.icann.org` பக்கத்தில் அந்தப் பெயரைப் போட்டு `Created` என்ற வரியைப் பாருங்கள். அண்மையில் என்னிடம் வந்த ஒரு தளத்துக்கு வயது பத்தொன்பது நாள். ஆனால் அதில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியிட்ட விமர்சனங்கள்! கடை பிறக்கும் முன்பே வாங்கியவர்கள் போலும்.

ஒன்று சொல்ல வேண்டும். புதிய தளமெல்லாம் போலி அல்ல. பெரிய நிறுவனங்களும் பழைய சரக்கைத் தள்ள, புதிய பெயரில் தளம் திறப்பதுண்டு. அப்படியானால் நிறுவனத்தின் பழைய, அதிகாரபூர்வத் தளத்தில் அதற்கு இணைப்பு இருக்க வேண்டும். முகவரியை நீங்களே தட்டி அங்கே போய்த் தேடுங்கள். விளம்பரத்தைச் சொடுக்கிப் போனால் அது சோதனையே இல்லை. அங்கே இணைப்பு இல்லையென்றால், தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் பக்கமும் காட்டிக்கொடுக்கும். கீழே எல்லா அட்டைகளின் சின்னமும் இருக்கும். கடைசியில் ‘இன்று அட்டை வேலை செய்யவில்லை, வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்பார்கள். அட்டையில் கட்டியதை வங்கியிடம் மறுத்துக் கேட்க வழியுண்டு. நீங்களே கணக்குக்கு அனுப்பியதை மீட்பது மிகக் கடினம்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே வேறொரு முகவரிக்கு ஒரு மலிவுப் பொட்டலத்தை அனுப்பி, அதன் கண்காணிப்பு எண்ணை உங்களுக்குத் தருவார்கள். ‘டெலிவரி ஆனது’ என்று திரையில் வரும். வங்கியும் அதைக் காட்டிக் கைவிரிக்கப் பார்க்கும். எந்த முகவரியில் ஒப்படைத்தார்கள் என்று கூரியரிடம் எழுத்தில் வாங்கி வங்கிக்குக் கொடுங்கள்.

அப்புறம், ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் போதும்’ என்று ஒருவர் அழைப்பார். பெரும்பாலும் அதே கும்பல்தான், அல்லது அவர்களிடம் உங்கள் எண்ணை விலைக்கு வாங்கியவர். மறுபடி மறுபடி சொல்கிறேன், இவருக்கு ஒரு காசும் தராதீர்கள்.

அந்தத் தளத்தின் பெயரைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனத்துக்கும் புகார் அனுப்புங்கள். படிவத்துக்கு மேல் படிவம் கேட்டு, ஒருவழியாக அவர்கள் தளத்தை மூடுவதற்குள் அதே படங்களோடு அடுத்த கடை திறந்திருக்கும். இருந்தாலும் அனுப்புங்கள்; வங்கியில் காட்ட அந்தப் புகார் எண் உதவும்.