Notify network: எப்போது அணைப்பது, எதற்காகப் போடுவது?

"லிங்க்ட்இன்ல என் புரொஃபைலைத் தொட்டு நாலு வருஷம் ஆச்சு. தேதி தப்பா இருக்கு, ஒரே கம்பெனியில பார்த்த மூணு பதவியும் ஒரே வரியில கிடக்கு. இந்த சனி, ஞாயிறுல உட்கார்ந்து பதினஞ்சு இருபது திருத்தம் பண்ணணும். மேனேஜரும் டீமும் கனெக்‌ஷன்ல இருக்காங்க. ஜூலையில வேற கம்பெனியில சேரப்போறேன், டீமுக்கு இன்னும் சொல்லலை. சேர்ந்த பிறகு அது எல்லாருக்கும் தெரியணும். இந்த Notify network-ஐ எப்போ ஆஃப் பண்றது, எப்போ ஆன் பண்றது?"
– வாசகி, சோழிங்கநல்லூர்

Notify network என்பது புரொஃபைலில் செய்யும் முக்கிய மாற்றங்களை உங்கள் கனெக்‌ஷனில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் ஸ்விட்ச். சனிக்கிழமை முதல் திருத்தத்தைத் தொடுவதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள். ஜூலையில் புதிய அலுவலகத்தில் சேர்ந்த பிறகு, அந்த ஒரு பதவியைச் சேர்க்கும்போது மட்டும் போடுங்கள். இடைப்பட்ட எந்தத் திருத்தமும் ஊருக்குச் சொல்லவேண்டிய செய்தி இல்லை.

அணைக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. ஒன்று, வேலை அனுபவத்தையோ படிப்பையோ சேர்க்கும் ஃபார்மின் தலைப்பகுதியில் தெரியும் Notify network என்ற ஸ்விட்ச். இன்னொன்று கணக்கின் அமைப்புகளுக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் மேலே உங்கள் படத்துக்குக் கீழுள்ள Me-ஐ அழுத்தி, Settings & Privacy, அதில் Visibility என்று போங்கள். அங்கே Share job changes, education changes, and work anniversaries from profile என்று நீளமான பெயரில் ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து அணைக்கவேண்டும்.

உங்களைப் போல ஒரே மூச்சில் பதினைந்து இருபது திருத்தம் செய்பவர்கள் இந்த இரண்டாவதைத்தான் அணைக்கவேண்டும். ஃபார்மில் உள்ள ஸ்விட்சை மட்டும் நம்பினால் ஒவ்வொரு முறை ஃபார்மைத் திறக்கும்போதும் அதைப் பார்க்கவேண்டும். எட்டாவது, ஒன்பதாவது திருத்தத்தில் கண் அங்கே போகாது. அமைப்புகளில் அணைத்த பிறகும் Save அழுத்துமுன் ஃபார்மின் தலையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. போன தடவை அணைத்தது இப்போதும் அணைந்தே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாத் திருத்தமும் ஆபத்தானவை அல்ல. About பகுதியில் எழுத்துப்பிழை நீக்குவது, திறன்களின் வரிசையை மாற்றுவது, பழைய வேலையின் விவரத்தில் இரண்டு வரி சேர்ப்பது போன்றவற்றுக்காக யாருக்கும் வாழ்த்துச் சொல்லத் தோன்றாது. அவை அறிவிப்பாகும் வகையும் அல்ல. அறிவிப்பாவது வேலை மாற்றம், படிப்பு, வேலையில் ஆண்டு நிறைவு ஆகியவைதான். ஆகவே Experience, Education இரண்டிலும் கை வைக்கும்போதுதான் கவனம் தேவை. (திறன்களைப் பற்றி ஓர் இடைச்செருகல்: பழைய திறனை நீக்கினால் அதற்கு மற்றவர்கள் கொடுத்த ஒப்புதல்களும் சேர்ந்து போய்விடும். வரிசையில் கீழே தள்ளினாலே போதும்.)

உங்கள் விஷயத்தில் சிக்கலான வேலை, ஒரே வரியில் கிடக்கும் மூன்று பதவிகளைப் பிரிப்பது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 2017 ஜூலையில் டிரெய்னியாகச் சேர்ந்தீர்கள், 2019 ஏப்ரலில் இன்ஜினியர், 2022 ஏப்ரலில் சீனியர் இன்ஜினியர். புரொஃபைலிலோ 2017 ஜூலையிலிருந்து இன்றுவரை சீனியர் இன்ஜினியர் என்று ஒரே வரி.

இங்கே பலர் செய்கிற தவறு, அந்த வரியை அழித்துவிட்டு மூன்றையும் புதிதாகச் சேர்ப்பது. அழித்துச் சேர்த்தால் இப்போதைய பதவியும் புதிதாகச் சேர்ந்த பதவியாகிவிடும். ஸ்விட்ச் ஆனில் இருந்தால், நாலு வருஷமாகப் பார்க்கும் வேலைக்கு "புதுப் பதவிக்கு வாழ்த்துகள்" என்று திங்கட்கிழமை காலை டீமே வந்து நிற்கும். அழிக்காதீர்கள். இருக்கும் வரியின் பென்சில் குறியை அழுத்தி, தொடக்கத் தேதியை மட்டும் 2022 ஏப்ரல் என்று மாற்றிச் சேமியுங்கள். அது இப்போதைய பதவியாக அப்படியே இருக்கட்டும்.

பிறகு மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். கம்பெனி பெயரை முழுதாகத் தட்டச்சு செய்துவிட்டு நகராமல், கீழே விரியும் பட்டியலிலிருந்து லோகோவுடன் வரும் பெயரையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் மூன்றும் ஒரே கம்பெனியின் கீழ் படிப்படியாக அடுக்கப்படும். இல்லையென்றால் மூன்று வேறு கம்பெனிகளில் வேலை பார்த்ததுபோல் தனித்தனியாக நிற்கும்.

I am currently working in this role என்ற டிக்கைத்தான் மிகவும் கவனிக்கவேண்டும். பழைய பதவியைச் சேர்க்கும்போது முதல் வேலையாக அதை எடுத்துவிட்டு, முடிந்த மாதத்தைப் போடுங்கள். இன்ஜினியர் பதவிக்கு 2022 மார்ச், டிரெய்னி பதவிக்கு 2019 மார்ச். "இப்போதைக்குச் சேமிப்போம், முடிந்த தேதியைப் பிறகு பார்ப்போம்" என்று டிக்கோடு Save அழுத்தினால், அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்கள் டிரெய்னியாகப் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பீர்கள். தெரியாமல் அறிவிப்பு கிளம்புவதற்கு இந்த அவசர Save போதும்.

மாதங்களை நினைவிலிருந்து போடவேண்டாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் அப்ரைசல் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்புக்கு நீங்கள் கொடுக்கும் தேதியும் புரொஃபைலில் உள்ள தேதியும் ஒத்துப்போகவேண்டும் என்பது ஒரு காரணம். ஆண்டு நிறைவுச் செய்தி தொடக்கத் தேதியை வைத்தே கணக்காவது இன்னொரு காரணம். திருத்தம் செய்கிற மாதத்தையே கைதவறித் தொடக்க மாதமாகப் போட்டு, அறிவிப்பும் ஆனில் இருந்தால், இல்லாத ஆண்டு நிறைவுக்கு வாழ்த்து வர வாய்ப்புண்டு.

பதவியைச் சேமித்ததும், இதை ஒரு பதிவாகப் பகிர்கிறீர்களா என்று கேட்கும் திரை சில நேரம் எழும். அது Notify network-க்குத் தொடர்பில்லாத தனி விஷயம். ஸ்விட்சை அணைத்திருந்தாலும் அங்கே பகிரச் சம்மதித்தால் பதிவு போகத்தான் செய்யும். மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுங்கள்.

இனி ஜூலை. ஆஃபர் கையில் இருக்கிறது என்பதற்காக முன்கூட்டியே சேர்த்துவைக்காதீர்கள். பழைய இடத்தில் ரிலீவிங் முடிந்து, புதிய இடத்தில் சேர்ந்த பிறகு செய்யுங்கள். முதலில் அமைப்புகளுக்குப் போய் அந்த நீளமான வரியைத் திரும்ப ஆன் செய்யவேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். ஜூனில் அணைத்ததை மறந்து, ஜூலையில் புது வேலையைப் போட்டுவிட்டு, "ஒருத்தர்கூட வாழ்த்தவில்லையே" என்று காத்திருப்பார்கள். அணைத்த அன்றே போன் காலண்டரில் சேரும் தேதிக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

அந்த நாளிலும் ஒரு வரிசை உண்டு. பழைய கம்பெனியின் சீனியர் பதவிக்கு முடிவு தேதி போடுவதை ஃபார்மிலுள்ள Notify network ஆஃபில் இருக்கும்போதே முடியுங்கள். அடுத்து புதிய பதவியின் ஃபார்மைத் திறந்து, பதவிப் பெயர், கம்பெனி, மாதம் மூன்றையும் நிரப்பிச் சரிபாருங்கள். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியையும் மாற்றவா என்று அதே ஃபார்மில் கேட்டால், நீங்கள் யோசித்து எழுதிய வரி அடிபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியென்றால் கடைசியாக ஸ்விட்சை ஆன் செய்து Save. அறிவிப்பு உடனே போய்விடாது, 2 மணி நேரம்வரை ஆகலாம் என்று அந்த ஸ்விட்சுக்குக் கீழேயே எழுதியிருக்கும். அதுவரை அந்தப் பதவியில் கை வைக்காதீர்கள். மறந்துபோன திருத்தம் இருந்தால் மறுநாள், ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செய்யலாம்.

அறிவிப்பு போனதா என்று உங்கள் திரையில் தேடிப் பயனில்லை, அது மற்றவர்களுக்குத்தான் போகிறது. நம்பகமான ஒரு தோழி கனெக்‌ஷனில் இருந்தால் அவருடைய Notifications பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற வாழ்த்துச் செய்திகள் வரத் தொடங்கினால் போய்விட்டது என்று பொருள்.

ஒருவேளை இந்த வார இறுதியிலேயே தவறுதலாகப் போய்விட்டால், பிறகு ஸ்விட்சை அணைப்பதால் மற்றவர்கள் பார்த்துவிட்ட அறிவிப்பு திரும்பி வராது. பதற்றத்தில் பதவியை அழித்து மறுபடி சேர்க்காதீர்கள், அது இரண்டாவது அறிவிப்புக்கு வழி. முதலில் அமைப்புகளில் அணைத்துவிட்டு, தவறான தேதியைப் பென்சில் குறி வழியாகத் திருத்துங்கள். வாழ்த்தைப் பார்த்து உள்ளே வருபவர்களுக்குச் சரியான விவரம் தெரியும். பதிவாகவும் பகிரப்பட்டிருந்தால் அதன் மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்கலாம். வாழ்த்தியவர்களுக்கு "பழைய தேதியைத் திருத்தினேன், புதுப் பதவி எதுவும் இல்லை" என்ற ஒரு வரி போதும். நீங்கள் செய்ததும் அதுதான்.

கடைசியாக, இந்த ஸ்விட்ச் எதைச் செய்யாது என்பது. அது சத்தத்தை மட்டும்தான் அடக்கும், திருத்தத்தை மறைக்காது. மேனேஜர் தற்செயலாக உங்கள் பக்கத்தைத் திறந்தால் புதிதாகப் பிரித்த மூன்று பதவிகளும் அவர் கண்ணில் படும். அதனால் நோட்டீஸ் கொடுக்கும்வரை பழைய வேலையைச் சரியாக எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புதிய வாய்ப்பு தேடும் தொனியைத் தலைப்பு வரியில் கொண்டுவரவேண்டாம். வேலை தேடுவதைக் காட்டும் Open to work என்பதும் வேறு விஷயம். எல்லா உறுப்பினர்களுக்கும் தெரியும்படி அதை வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். Recruiters only என்று வைத்தால் உங்கள் கம்பெனியின் ஆளெடுப்பவர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழுத் தனிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆஃபர் ஏற்கெனவே கையில் இருக்கும் உங்களுக்கு அது இப்போது தேவையும் இல்லை. முன்பு எப்போதாவது போட்டுவைத்திருந்தால் சனிக்கிழமை முதல் வேலையாக அதையும் எடுத்துவிடுங்கள்.