கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி போட்டிக் கம்பெனிக்குப் போகவே முடியாதா?

கேள்வி: ஆஃபர் லெட்டரில், வேலையை விட்ட பிறகு ஒரு வருடம் போட்டிக் கம்பெனி எதிலும் சேரக் கூடாது என்று போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது எனக்கு அப்படி ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சேர்ந்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்களா?

வக்கீல் நோட்டீஸ் வரலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் புது இடத்தில் வேலை பார்ப்பதை நம் ஊர் நீதிமன்றத்தில் தடுப்பது மிகவும் கடினம். சென்னையில் வேலை சம்பந்தமான வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காரணம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. சட்டப்படியான தொழிலையோ வேலையையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கிற அளவுக்குச் செல்லாது என்கிறது அது. அந்தப் பிரிவிலேயே இருக்கும் ஒரே விதிவிலக்கு, தொழிலை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கானது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எதையும் விற்கவில்லையே! இங்கிலாந்தில் என்றால் தடை எத்தனை மாதம், எந்த ஊருக்குள், நியாயமானதா என்று அலசுவார்கள். இங்கே அந்தக் கேள்விக்கு இடமில்லை. அதனால் ‘ஆறு மாதம்தானே கேட்கிறோம்’ என்ற வாதம் பெரிதாக எடுபடாது.

இதற்கு எல்லோரும் காட்டுவது 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிருஷன் முர்காய் வழக்கு. சரக்குப் பரிசோதனை நிறுவனம் ஒன்றின் டெல்லிக் கிளை மேலாளர் அவர். விலகியபின் இரண்டு ஆண்டு அதே தொழிலில் இறங்கக் கூடாது என்று நிபந்தனை. நிறுவனம் அவரை நீக்கியது. அவர் அதே தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். நிறுவனம் தோற்றது. ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணம் வேறு: நிபந்தனை தானாக விலகுபவருக்குத்தான், நீக்கப்பட்டவருக்கு அல்ல என்று முடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்த பிறகான தடை பிரிவு 27இன்படி செல்லாது என்று விரிவாக எழுதியவர் நீதிபதி ஏ.பி. சென். 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கிலும், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவரைக் கட்டுப்படுத்தும் பிரிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

வேலையில் இருக்கும்போது கதை வேறு. நிரஞ்சன் கோலிகாரி என்பவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பாதியிலேயே போட்டி ஆலைக்குப் போனார். மீதிக் காலத்துக்கு அவரைத் தடுத்த உத்தரவை 1967இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நோட்டீஸ் பீரியடில் கவனமாக இருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

என்னிடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் பம்ப் நிறுவனம் ஒன்றின் விற்பனை மேலாளர். 90 நாள் நோட்டீஸில் 60 நாள் மட்டும் வேலை பார்த்துவிட்டுப் போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். உடனே வேலையை விடு, பத்து லட்சம் கட்டு என்று நோட்டீஸ் வந்தது. மனிதர் தூக்கமே இல்லாமல் வந்து உட்கார்ந்தார். பத்து லட்சம் எனக்குப் பயம் தரவில்லை. செல்லாத நிபந்தனையை மீறியதற்கு நஷ்டஈடு கிடையாது. செல்லுகிற நிபந்தனை என்றாலும் அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74இன்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான அளவே கிடைக்கும். பாக்கி 30 நாள்தான் பலவீனமான இடம். அதற்கான சம்பளத்தை ஒப்பந்தப்படியே கட்டச் சொன்னேன்.

அப்புறம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: டீலர்களுக்கான விலைப் பட்டியலைக் கடைசி வாரத்தில் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு வயிறு கலங்கியது அங்கேதான். ரகசியத் தகவலைக் காக்கும் நிபந்தனை வேலை முடிந்த பிறகும் நிற்கும். அதைப் பயன்படுத்தவிடாமல் நீதிமன்றம் தடையுத்தரவு போடும். சத்தமில்லாமல் அழித்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். கம்பெனி சர்வரில் அனுப்பிய தடம் இருக்கும், அழித்தால் மறைத்ததாக ஆகும். பட்டியலை யாருக்கும் கொடுக்கவில்லை, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து நீக்கத் தயார் என்று பதில் நோட்டீஸிலேயே எழுதினோம். புது வேலையை விடமாட்டார் என்றும் பிரிவு 27ஐக் காட்டி எழுதினோம். இரண்டு மாதத்தில் ரிலீவிங் லெட்டர் வந்தது, வழக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தில், இத்தனை ஆண்டு வேலை பார்க்காமல் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வேறு விஷயம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது போகிற இடத்தைத் தடுக்கவில்லை, சீக்கிரம் போவதற்குத்தான் பணம் கேட்டது.