சொந்தங்களுக்கு நிச்சயச் செய்தியை எழுதுவது

“மகளும் மாப்பிள்ளையும் பழகி மூன்று மாதந்தான். வரும் மாதம் நிச்சயம். ஹட்டனிலும் கொழும்பிலும் இந்தியாவிலும் இருக்கும் சொந்தங்களுக்கு மனம் கோணாமல் எப்படி எழுதுவது?”

அக்கா, மூன்று மாதம் என்பதை எழுத வேண்டாம். கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘திடீரென்று’, ‘அவசரமாக’ என்ற சொற்களும், ‘மன்னிக்கவும்’ என்ற தொடக்கமும் கூடவே கூடாது. அவைதான் “ஏன் இவ்வளவு அவசரம்?” என்ற பேச்சைக் கிளப்பும்.

இப்படி எழுதலாம்:

“எங்கள் மகளும் பண்டாரவளையைச் சேர்ந்த மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். இரு வீட்டாரும் பேசி, மனநிறைவோடு நிச்சயம் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். நிச்சயத்தை வீட்டளவில் வைக்கிறோம். திருமணத்துக்கு எல்லோரையும் முறையாக அழைப்போம். உங்கள் ஆசி வேண்டும்.”

‘விரும்பினார்கள்’ என்பதை விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் பார்த்த சம்பந்தம் போல எழுதினால், பிறகு உண்மை தெரியும்போதுதான் மனக்கசப்பு வரும். ‘வீட்டளவில்’ என்பதும் முக்கியம், அழைக்கவில்லையே என்ற குறையை அது தடுக்கும்.

ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன், தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்து அத்தைமாருக்கும் பெரியப்பா வீட்டுக்கும் போன். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்குப் போன சொந்தங்கள் இருந்தால், அங்குள்ள மூத்தவரிடமும் அன்றே பேசிவிடுங்கள். தங்களுக்குக் கடைசியில்தான் தெரியும் என்ற வருத்தம் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் வரும். குழுவில் செய்தியை அன்று மாலையே போடுங்கள், தள்ளிப்போட்டால் தோட்டத்து லயத்தில் வேறு கதையாகப் பரவிவிடும்.