டெலிவரி வேனுக்குத் தேய்மானம்: வருடக் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா?

“சொந்தமாக பேக்கரி நடத்துகிறேன். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோக ஏப்ரலில் 8,50,000 ரூபாய்க்கு வேன் வாங்கினேன். ஐந்து வருடம் ஓட்டி விற்றால் ஒரு லட்சம் தேறும். அதற்குள் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடும். கணக்கு எழுதும் தம்பி ஆண்டு இலக்கக் கூட்டல் முறையில் தேய்மானம் போடலாம் என்கிறார். என் அண்ணன் ஓடிய கிலோமீட்டருக்குப் போடு என்கிறார். எதைக் கேட்பது?”
வாசகர், ஈரோடு

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அண்ணன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டு முறைக்கும் தொடக்கம் ஒன்றுதான். விலையிலிருந்து கடைசியில் தேறும் ஒரு லட்சத்தைக் கழித்தால் 7,50,000 ரூபாய். ஐந்து வருடத்தில் செலவாகக் காட்ட வேண்டியது இவ்வளவுதான். எந்த வருடத்தில் எவ்வளவு என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

தம்பியின் முறையில் 1 முதல் 5 வரை கூட்டினால் 15 வரும். முதல் வருடம் 15-ல் 5 பங்கு, அதாவது 2,50,000. அடுத்தடுத்து 2,00,000, 1,50,000, 1,00,000, 50,000. இங்கே பலர் சறுக்குவது இரண்டாம் வருடத்தில். 15-ல் 4 பங்கை, வாங்கிய விலையில் அதுவரை போட்ட தேய்மானம் போக மிச்சமிருக்கும் புத்தக மதிப்பின் மேல் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அதே 7,50,000-ன் மேல்தான் போட வேண்டும். ஐந்தாம் வருட முடிவில் புத்தகத்தில் சரியாக ஒரு லட்சம் நிற்கவில்லை என்றால் இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அண்ணனின் முறைக்குப் பெயர் உற்பத்தி அலகு முறை. 7,50,000-ஐ 2,50,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய். புது வண்டிக்கு முதல் வருடம் லைன் கடைகள் குறைவு, 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 1,05,000. இரண்டாம் வருடம் 62,000 ஓடினால் 1,86,000, மூன்றாம் வருடம் 65,000 ஓடினால் 1,95,000. வியாபாரம் ஏறும்போது செலவும் ஏறுகிறது. தம்பியின் முறையிலோ, ரொட்டி குறைவாகப் போன முதல் வருடத்தின் தலையில் 2,50,000 ரூபாய் விழுகிறது. ஒரு டெலிவரிக்கு வண்டிச் செலவு என்ன என்று பார்த்து விலை வைப்பவருக்கு அது தப்பான படம் காட்டும்.

தம்பியின் நியாயம் எங்கே என்றால், சந்தை விலையில். புது வண்டி ஷோரூமை விட்டு வந்ததும் விலை சட்டென்று இறங்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பழசானதும் ரிப்பேர் செலவு ஏறும்போது தேய்மானம் குறைந்துகொண்டே போவதால் இரண்டும் சேர்ந்த சுமை ஓரளவு சீராக இருக்கும். மூன்றாம் வருட முடிவில் 3,20,000-க்கு விற்றுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். தம்பியின் கணக்கில் புத்தக மதிப்பு 2,50,000, விற்பனையில் 70,000 லாபம். அண்ணன் கணக்கில் 3,64,000, அதனால் 44,000 நஷ்டம். இரண்டிலும் வண்டி உங்களுக்குத் தின்ற மொத்தம் 5,30,000 தான். ஆகவே, ‘இந்த முறையில் லாபம் வந்தது’ என்று யாராவது சொன்னால் மகிழாதீர்கள்.

கிலோமீட்டர் முறையின் பலவீனம் மதிப்பீடு. இரண்டு வருடத்தில் 97,000 ஓடிய பிறகு மெக்கானிக் பார்த்து, ‘இன்னும் 1,80,000 ஓடும்’ என்கிறார் என்று வைப்போம். பழைய வருடங்களைத் திருத்த வேண்டாம். அப்போதைய புத்தக மதிப்பு 5,59,000-ல் ஒரு லட்சத்தைக் கழித்து, மீதி 4,59,000-ஐ 1,80,000-ஆல் வகுங்கள். இனி கிலோமீட்டருக்கு 2.55 ரூபாய். இன்னொன்று, வண்டி ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றால் இந்த முறையில் தேய்மானமே வராது, மதிப்போ கீழே போய்க்கொண்டிருக்கும். அடிக்கடி சும்மா நிற்கும் வண்டி என்றால் தம்பி சொல்வதையே கேளுங்கள்.

இதெல்லாம் உங்கள் லாப நஷ்டக் கணக்குக்கு மட்டும். வருமான வரிக்கு இரண்டுமே செல்லாது. அங்கே ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல் போடும் குறையும் மதிப்பு முறைதான், சொந்தச் சரக்கு ஏற்றும் வேனுக்கு 15 சதவீதம். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அதில் பாதி. இரண்டு கணக்கையும் தனித்தனித் தாளில் வைத்திருங்கள்.

அண்ணன் வழியில் போவதென்றால் மார்ச் 31 மாலை மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். நடுவில் மீட்டரை மாற்ற நேர்ந்தால் பழையது நின்ற எண்ணையும் புதியது தொடங்கிய எண்ணையும் ட்ரிப் ஷீட்டில் குறித்துவிடச் சொல்லுங்கள்.