பென்சிலில் எழுதிய பெயர்

வணக்கம் சார்,

கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிறேன். என் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா பதினைந்து வருட சீனியர். வேலை கற்றுக்கொடுத்தவர், எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவந்து தருபவர். வரும் மாதம் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஆரம்பிக்கிறார். இருபது பேர், மாதம் ஐயாயிரம். "நீயும் சேர்ந்துக்க, உன் கல்யாணத்துக்கு ஆகும்" என்கிறார். எனக்கு விருப்பம் இல்லை. மூன்று வாரமாக "பார்க்கலாம்க்கா", "சம்பளம் வரட்டும்க்கா" என்று தள்ளிப்போடுகிறேன். போதாததற்கு ஏதோ சத்துமாவு விற்கும் திட்டத்திலும் ஆறாயிரம் கட்டி உறுப்பினர் ஆகச் சொல்கிறார். மனம் நோகாமல் எப்படி மறுப்பது? பதிவு செய்த சீட்டு என்றால் சேரலாமா?

க., சென்னை

அன்புள்ள க.,

சத்துமாவை முதலில் முடித்துவிடுகிறேன். சேருவதற்கே பணம் கேட்டு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் அது வியாபாரம் இல்லை. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகள் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. ஆள் சேர்ப்பதையே வருமானமாக வைக்கும் பணச்சுழற்சித் திட்டங்களுக்கு 1978லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. மாவு பிடித்திருந்தால் கடையில் ஒரு டப்பா வாங்குங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

சீட்டு அப்படி இல்லை. சீட்டை நான் கேவலமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் என் அம்மா சீட்டு பிடித்தவர். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்த அக்கா இல்லை, நீங்கள்தான். மூன்று வாரமாக "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

1994இல் அயனாவரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா லேத் பட்டறையில் இருந்தார், கைக்கு வரும் சம்பளம் மூவாயிரத்துக்குள். அந்தத் தை மாதம் அம்மா பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்று ஆரம்பித்தார். இருபது பேர், தலைக்கு ஐந்நூறு, இருபது மாதம். அம்மாவின் சீட்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, நீளவாக்கில் மடங்கிய நோட்டு. முதல் பக்கத்தில் ஒன்று முதல் பதினெட்டு வரை பெயர்கள் பேனாவில் இருக்கும். பத்தொன்பதும் இருபதும் பென்சிலில். அந்த இரண்டு பேரும் "பார்க்கலாம்" என்று சொன்னவர்கள். ஒருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். வாராவாரம் "அடுத்த வாரம் சொல்றேன்" என்பார். முடியாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா வேறு ஆளைத் தேடியிருப்பார், அல்லது பதினெட்டு பேரோடு, பதினெட்டு மாதத்துக்கு, ஒன்பதாயிரம் ரூபாய்ச் சீட்டாகவே அதை மாற்றியிருப்பார். அவர் சேர்ந்துவிடுவார் என்று நம்பி, பொங்கல் கழித்து இருபதாகவே ஆரம்பித்துவிட்டார்.

ஒரு காலி இடம் என்றால் என்ன என்று சீட்டுக் கட்டுபவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. முதல் மாதப் பணம் முழுவதும் சீட்டு பிடிப்பவருக்கு. அதுதான் அவருடைய கூலி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். எங்கள் வீட்டில் இரண்டாம் மாதம் ஒருவர் மூவாயிரம் தள்ளி எடுத்தார். அவர் கையில் ஏழாயிரம் போனது. தள்ளிய மூவாயிரம் இருபது பங்காகப் பிரிந்து தலைக்கு நூற்றைம்பது குறைய, அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டியது முந்நூற்றைம்பது. இருபது முந்நூற்றைம்பதுதான் ஏழாயிரம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது பேரும் கட்டினால்தான் அந்த ஏழாயிரம் சேரும். கட்டுவதற்கு ஆள் இல்லாத இரண்டு இடத்துக்கும் யார் கட்டுவது? சீட்டு பிடித்தவர். அம்மா தன் பங்கையும் சேர்த்து மூன்று பேர் பணம் கட்டினார். முதல் மாதம் மற்ற பதினேழு பேரிடமிருந்து கிடைத்த எட்டாயிரத்து ஐந்நூறைச் செலவு செய்யாமல் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்து, அதிலிருந்து எடுத்து எடுத்துக் கட்டினார்.

இரண்டாம் மாதம் ஏழாயிரம் எடுத்தவர் ஐந்தாம் மாதத்தோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். ராத்திரியில் போனார். மீதி பதினைந்து மாதத்துக்கு அவர் கட்டவேண்டியது, தள்ளு குறைந்துகொண்டே வந்த கணக்கில், 6,625 ரூபாய். அதுவும் அம்மா தலையில். ஆறாம் மாதத்திலிருந்து நான்கு பேர் பங்கு. எட்டாம் மாதம் தள்ளு இரண்டாயிரம், தலைக்கு நானூறு, அம்மா கட்டவேண்டியது 1,600. பெட்டிக்கு அடியில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம் இருந்தது.

அந்த மாதத்தை எப்படியோ கடத்தினார். ஒன்பதாம் மாத ஏலத்தன்று அம்மா செய்த காரியத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினோரு வயது. எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருக்க, "எதிர்வீட்டு அக்கா வர முடியல, ரெண்டாயிரம் தள்ளிக் கேக்கச் சொல்லிட்டுப் போனாங்க" என்றார். எதிர்வீட்டு அக்கா சீட்டிலேயே இல்லை என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு மேல் யாரும் தள்ளவில்லை. எட்டாயிரத்தில் அம்மா தலையில் இருந்த நான்கு பங்கு போக, 6,400 ரூபாய் அம்மா கைக்கு வந்தது. அன்று ராத்திரி பத்தொன்பதாவது பெயரின் பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதினார். இப்போதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா மையின் கீழே அந்தப் பென்சில் கோடு தெரிகிறது.

அம்மா யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. இருபது மாதமும் நடத்தி முடித்தார். ஆனால் அதற்குப் பிறகு சீட்டு பிடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அந்த அம்மாள், நான் என்ன தப்பு செய்தேன் என்று பலரிடம் கேட்டிருக்கிறார். அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஓடிப்போன சீட்டுக்காரர்கள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே திருடர்கள் என்று நினைக்காதீர்கள். பலருக்கு ஆரம்பம் இப்படி ஒரு காலி இடம்தான். முதலில் கைப்பணத்தைப் போட்டு நிரப்புவார்கள். பிறகு இல்லாத ஆள் பேரில் ஏலம் கேட்டு எடுப்பார்கள். பிறகு அதை அடைக்க இன்னொரு சீட்டு ஆரம்பிப்பார்கள். என் அம்மா இரண்டாவது படியில் நின்றுவிட்டார். எல்லோராலும் நிற்க முடிவதில்லை. ஒரு சீட்டில் மாதாமாதம் யார் எடுத்தார்கள் என்று முகம் தெரியாமல் பெயர் மட்டும் வருகிறது என்றால், அங்கே பென்சில் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்த சீட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு இதைப் பற்றியதுதான். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்று சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் எழுதிக்கொடுத்த பிறகுதான் சீட்டு தொடங்க முடியும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையும் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். எடுத்தவர் ஜாமீன் கொடுத்துத்தான் பணத்தை வாங்க வேண்டும். அம்மாவை விழுங்கிய இரண்டு ஓட்டையையும் சட்டம் அடைத்து வைத்திருக்கிறது. உங்கள் அக்கா நடத்தப்போவது நிச்சயம் பதிவு செய்ததாக இருக்காது. ஆபீஸில் நோட்டு போட்டு நடத்துகிற சீட்டு சட்டப்படி குற்றம். அவர் ஏமாற்றினால் உங்களுக்கு மட்டுமில்லை, யாராவது அவரை ஏமாற்றினால் அவருக்கும் சீட்டுப் பதிவாளரிடம் போக வழி இல்லை. பதிவு செய்ததில் நீங்கள் சேர்வதும் சேராததும் உங்கள் வசதி. எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை.

அந்த அக்கா உங்களை ஏன் இப்படி விரட்டுகிறார் என்று யோசித்தீர்களா? பேராசை என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. நாள் நெருங்குகிறது, இருபது இன்னும் ஆகவில்லை. உங்கள் இடம் காலியாக இருந்தால், தள்ளு எங்கள் வீட்டுச் சீட்டைப் போலப் போனால் மாதம் மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் வரை அவர் சம்பளத்திலிருந்து போகும். ரசம் கொண்டுவந்து கொடுத்த மனுஷி அவர். அவரை மூன்று வாரம் காத்திருக்க வைத்துவிட்டு, மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள். நோகடித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

காரணம் சொல்லாதீர்கள். பணம் இல்லை என்றால் "பாதிச் சீட்டு போடு, இன்னொரு பொண்ணோட சேர்ந்து கட்டு" என்பார். வீட்டில் விடமாட்டார்கள் என்றால் "நான் அம்மாகிட்ட பேசறேன்" என்று உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார். சம்பளம் வரட்டும் என்று சொன்னது இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் சம்பளம் முதல் தேதி வந்துவிடும். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவருக்குச் சரிசெய்து தரவேண்டிய ஒரு வேலையாகத்தான் தெரியும். நல்லவர் என்பதால் சரிசெய்தும் தருவார்.

நாளைக்குக் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், உட்கார்ந்து பேசுங்கள். "அக்கா, நான் சீட்டு போட மாட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு. என்னை நம்பி ஆரம்பிக்காதீங்க." இவ்வளவுதான். ஒரு நாள், இரண்டு நாள் முகம் திருப்பிக்கொள்வார். ரசம் வராது. தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை கேட்டால் அதே வார்த்தையைச் சொல்லுங்கள், புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. அவரிடம் நோட்டு இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே அழித்துவிடச் சொல்லுங்கள்.