ஒன்றரைப் பக்கக் கவர் லெட்டரை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: சார், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஸ்டோர்ஸில் மூன்று வருடமாக இருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு எழுதிய கவர் லெட்டரை இணைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. என் தம்பி படித்துவிட்டு என்ன சொல்ல வருகிறேன் என்றே புரியவில்லை என்கிறான். எப்படிச் சரிசெய்வது?
– குடியாத்தம் வாசகி

பதில்: புதிதாக எழுத உட்காராதீர்கள் அம்மா. தேவையான சரக்கு எல்லாம் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது, இடம்தான் மாறிக் கிடக்கிறது. பிரிண்ட் எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு சொல் எழுதுங்கள். எந்த வேலைக்கு, யார் விண்ணப்பிக்கிறார் என்று சொன்னால் ‘தொடக்கம்’. நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொன்னால் ‘சான்று’. எப்போது சேரலாம், எப்படித் தொடர்புகொள்வது என்றால் ‘முடிவு’. மூன்றிலும் சேராததை அடித்துவிடுங்கள். அப்பாவின் தொழில், பத்தாம் வகுப்பு மார்க், ‘கடின உழைப்பாளி, நேர்மையானவள்’ என்ற வரி எல்லாம் போய்விடும். வலிக்கும்தான், ஆனால் மார்க் ரெஸ்யூமில் இருக்கிறது, நேர்மையை எல்லோரும் எழுதுகிறார்கள்.

இப்போது பாருங்கள், உங்கள் கடிதத்திலேயே உருப்படியான விஷயம் ஐந்தாவது பத்தியில், அதுவும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பசை டின்கள் தேதி தாண்டி வீணாகிக்கொண்டிருந்தன, நீங்கள் டின்னில் தேதி எழுதி அடுக்கியபின் அது நின்றுவிட்டது என்கிறீர்கள். அவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வர அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. அது மேலே வர வேண்டும்.

தொடக்கம் இரண்டே வாக்கியம் போதும். ‘ராணிப்பேட்டைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் தேவை என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மூன்று வருடமாகச் சரக்கு வரவு, வழங்கல், இருப்புக் கணக்கு மூன்றையும் பார்த்துவருகிறேன்.’ நீங்கள் அனுப்பப்போவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். தமிழில் இப்படித் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலமும் சின்னச் சின்ன வாக்கியமாகத் தானாக வரும்.

அடுத்தது சான்றுப் பத்திகள். இரண்டு போதும். அந்த விளம்பரத்தை எடுத்து அதில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்: இருப்புப் பராமரிப்பு, பதிவேடு. ஒன்றுக்கு ஒரு பத்தி, ஒரு பத்தியில் ஒரே சம்பவம். முன்பு என்ன நிலை, நீங்கள் என்ன செய்தீர்கள், அதன்பின் என்ன ஆயிற்று என்ற வரிசையில் எழுதுங்கள். ‘பசை டின்கள் காலாவதியாகி வீணாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு டின்னிலும் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுதி, தேதி நெருங்கியதை முன்வரிசையில் வைத்து, அதையே முதலில் வழங்கினேன். கடந்த ஆறு மாதத்தில் ஒரு டின்னும் வீணாகவில்லை.’ இதோடு இன்னொரு வரியும் சேருங்கள். வால்வு கம்பெனிக்குத் தோல் பசை எதற்கு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் ஸ்டோர்ஸிலும் வால்வில் கசிவைத் தடுக்கப் போடும் ரப்பர் சீல் இருக்கும், அதற்கும் ஆயுள் உண்டு, பழையதைப் போட்டால் கசியும். ‘ஆயுள் குறிப்பிட்ட எந்தப் பொருளுக்கும் இதே முறையைப் பின்பற்ற முடியும்’ என்று முடித்தால் போதும், படிப்பவரே சீலை நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது பத்திக்குத் தோல் அளவு விஷயத்தை எடுங்கள். பில்லில் போட்ட சதுர அடிக்கும், வந்து இறங்கியபின் அளந்த சதுர அடிக்கும் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே சரக்கு வரவுச் சீட்டான ஜி.ஆர்.என்.னில் குறித்து அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பினீர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கழித்துக்கொண்டார்கள். நல்ல சான்று இது. நீங்களோ ‘டாக்குமென்டேஷனில் அனுபவம் உண்டு’ என்று ஒரே வரியில் விழுங்கிவிட்டீர்கள். உங்களிடம் எண் இருந்தால் போடுங்கள், நினைவில்லாவிட்டால் கற்பனையாக ஒன்றைப் போட வேண்டாம். இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

முடிவும் சின்னதுதான்: நோட்டீஸ் எத்தனை நாள், நேரில் வரத் தயார், நன்றி, போன் நம்பர். நீளக் கணக்கு ஆங்கிலத்தில் தோராயமாக இப்படி வரட்டும்: தொடக்கம் 40 சொல், சான்று ஒவ்வொன்றும் 70 முதல் 80, முடிவு 40. மொத்தம் 250-ஐத் தாண்டாது. ஒரு சான்று 150-க்கு வீங்கி இன்னொன்று 30-க்குச் சுருங்கினால், வீங்கியதில் இரண்டு சம்பவம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

தொனி உங்கள் கடிதத்தில் மூன்று விதமாக இருக்கிறது. ‘ஐ ஹம்ப்ளி பெக்’ என்று தாலுகா ஆபீஸ் மனு மாதிரி ஆரம்பிக்கிறது, நடுவில் இன்டர்நெட்டில் எடுத்த பெரிய பெரிய வார்த்தைகள், கடைசியில் ‘சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க’ என்று அதட்டல். கெஞ்சவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். உங்கள் ஸ்டோர்ஸ் மேனேஜரிடம் நின்று கணக்குச் சொல்லும்போது எப்படிப் பேசுவீர்களோ அந்த மரியாதை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் இருக்கட்டும். வாய்விட்டுப் படித்தால் குரல் எங்கே மாறுகிறது என்று காதே சொல்லிவிடும். இந்த மனு நடையைப் பிள்ளைகள் மேல் மட்டும் குற்றமாகச் சொல்ல முடியாது. கல்லூரியில் லீவு லெட்டர் ஃபார்மட்டையே மூன்று வருடமும் எழுத வைத்துவிட்டு, கடைசி செமஸ்டரில் ஒரு ஜெராக்ஸ் மாதிரியைக் கையில் கொடுத்து அனுப்பினால் வேறெப்படி எழுதுவார்கள்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

சம்பளத்தைக் கடிதத்தில் எழுதக் கூடாது. ஆனால் விளம்பரத்தில் ‘எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடவும்’ என்று போட்டிருந்தால் எழுதியே ஆக வேண்டும். விட்டால் கேட்டதைக் கவனிக்காதவர் என்று ஒதுக்கிவிடும் இடங்கள் உண்டு. அப்போதும் முடிவுப் பத்தியில் ஒரே வரி, காரணம் விளக்கக் கூடாது. இங்கே பலர் தடுக்கி விழுவது மாதமா வருடமா, கைக்கு வருவதா மொத்தமா என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போடுவதில். கைக்கு வருவது பி.எஃப். பிடித்தபின் வரும் தொகை. சி.டி.சி. என்றால் கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் அதற்குள் சேர்ந்துவிடும். நீங்கள் கைக்கு வருவதை நினைத்து எழுதிய எண்ணை அவர்கள் சி.டி.சி. என்று எடுத்துக்கொண்டால், மாதாமாதம் குறைவது உங்களுக்குத்தான். அதனால் ‘கைக்கு மாதம் இவ்வளவு’ என்றே எழுதுங்கள். விளம்பரத்தில் கேட்காவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். காட்பாடி பக்கமும் வேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ‘கவர் லெட்டர், ரெஸ்யூம் சேர்த்துச் செய்து தருகிறோம், இன்டர்வியூவும் வாங்கித் தருகிறோம்’ என்று உட்கார்ந்திருப்பவர்களில் பலரிடம் இருப்பது ஒரே கடிதம். பெயரையும் கம்பெனியையும் மாற்றிக் கொடுப்பார்கள், சில நேரம் முந்தைய ஆளுக்குப் போட்ட கம்பெனி பெயரே இரண்டாவது பத்தியில் அப்படியே நிற்கும். ஒரே வேலைக்கு ஒரே வாசகத்தில் கட்டாக வரும் கடிதங்களை எச்.ஆர்.காரர் பார்த்தவுடனே ஒதுக்குவார், அதில் உங்கள் பசை டின் கதைக்கு இடமே இருக்காது. இன்டர்வியூவுக்கு முன்பணம் கேட்டாலோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டை ‘வெரிஃபிகேஷனுக்கு’ வைத்துவிட்டுப் போகச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். கடிதத்தை நீங்களே பி.டி.எஃப். ஆக்கி, விளம்பரத்தில் கொடுத்திருக்கும் இமெயிலுக்கு நேராக அனுப்புங்கள்.